கிளீனப்புக்குப் போகும் முன் மூக்கைக் கவனியுங்கள்

மூக்கின் மேல் சாம்பல் நிறத்தில், ஒரே சீராகத் தெரியும் குட்டிப் புள்ளிகள் பெரும்பாலும் பிளாக்ஹெட்ஸ் அல்ல. எண்ணெய்ச் சுரப்பியின் வழியில் இயல்பாகவே இருக்கும் பொருள்தான் அது. பார்லரில் கம்பி வைத்து அழுத்தி எடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். இதற்காக மாதாமாதம் கிளீனப் செய்வது வீண் செலவு. 2% சாலிசிலிக் ஆசிட் உள்ள ஃபேஸ்வாஷோ சீரமோ தொடர்ந்து போட்டால் அவை அவ்வளவாக வெளியே தெரியாது.

கறுப்பாக, மேடாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக அடைத்திருப்பவைதான் உண்மையான பிளாக்ஹெட்ஸ். இவற்றை எடுக்க ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும். முதலில் ஆவி பிடித்து இளக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். இரண்டு முறை அழுத்தியும் வராததை விட்டுவிடச் சொல்லுங்கள். சிவந்து வலிக்கும் பரு, சீழ்ப்பரு இரண்டையும் தொடவே விடாதீர்கள். அழுத்தினால் உள்ளே உடைந்து வீக்கம் பரவும். நம் மாநிறத் தோலில் அதனால் விழும் கறை போக மாதக்கணக்காகும்.

கோல்டு ஃபேஷியல்? தங்கம் தோலுக்குள் இறங்காது. அந்தப் பளபளப்பு மசாஜும் கிரீமும் தருவது, ஓரிரு நாளில் போய்விடும். கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்பே கிளீனப்பை முடித்துவிடுங்கள், சிவப்பு அடங்க நேரம் வேண்டும்.