ஃபால்ட் ட்ரீ வரைபடம்: ஆண்ட் கேட்டை நம்பி ஏமாறும் இடம்

ஃபால்ட் ட்ரீ என்பது ஒரு கேடு எந்தெந்தப் பழுதுகளால் நேரும் என்று மரம்போலக் காட்டும் வரைபடம். அதன் உச்சியில் அந்தக் கேடு இருக்கும். கீழுள்ள நிகழ்வுகளை மேலே உள்ளதோடு இணைக்கும் குறிதான் கேட். கேடு எப்படி நேரும் என்பதைக் கேட் கேட்டாகக் கீழே இறங்கிப் படிக்க வேண்டும். ஆண்ட் கேட்டின் கீழுள்ளவை எல்லாம் நடந்தால்தான் மேலே உள்ளது நடக்கும். ஆர் கேட்டின் கீழ் ஏதாவது ஒன்று நடந்தாலே போதும். விதி இவ்வளவுதான் என்றாலும், படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த விதியில்தான்.

ஓர் இயந்திரத்துக்குக் குளிர்நீர் அனுப்ப இரண்டு பம்புகள் உள்ளன, ஒன்று ஓடினாலே போதும் என்று வைத்துக்கொள்வோம். "ஒன்று போதும்" என்றதும் பலர் ஆர் கேட்டைத் தேடுகிறார்கள். இது முதல் தவறு. மரம் சொல்வது வேலை நடப்பதைப் பற்றியல்ல, வேலை நிற்பதைப் பற்றி. நீர் வர ஒரு பம்பு போதுமென்றால், நீர் நிற்க இரண்டுமே நின்றாக வேண்டும். ஆகவே அங்கே வருவது ஆண்ட் கேட். ஒவ்வொரு கேட்டிலும் "எது நின்றால் மேலே உள்ளது நிற்கும்?" என்று கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. கேட்டின் உருவத்தையும் கவனியுங்கள்: ஆண்ட் கேட்டின் அடிப்பக்கம் நேர்கோடு, ஆர் கேட்டின் அடிப்பக்கம் உள்வாங்கிய வளைவு. மங்கலான நகலில் இவை எளிதில் மாறித் தெரியும்.

இதைவிடப் பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. நம் மரத்தில் உச்சிக்குக் கீழே ஆண்ட் கேட். அதன் கீழ் இரண்டு கிளைகள்: முதல் பம்பு நின்றது, இரண்டாம் பம்பு நின்றது. ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆர் கேட். முதல் பம்பு தன் பழுதால் நிற்கலாம் (A) அல்லது மின்சாரம் இல்லாமல் நிற்கலாம் (P). இரண்டாவதும் அப்படியே: தன் பழுது (B) அல்லது மின்சாரம் இல்லை (P). உச்சியில் ஆண்ட் கேட்டைப் பார்த்தவுடன் "இரண்டு பழுதுகள் சேர்ந்தால்தான் ஆபத்து" என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் இரு கிளைகளிலும் எழுதியிருப்பது ஒரே P.

இதைப் பிடிக்க, மேலிருந்து வரிசை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆண்ட் கேட் வந்தால் அதன் கீழுள்ளவற்றை ஒரே வரிசையில் சேர்த்து எழுத வேண்டும். ஆர் கேட் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. நம் மரம் நான்கு வரிசைகளைத் தரும்:

```
A, B
A, P
P, B
P, P
```

கடைசி வரிசையில் P இரண்டு முறை வந்தாலும் அது ஒரே நிகழ்வுதான். மின்சாரம் போனாலே உச்சிக் கேடு நடந்துவிடும் என்பதால், A, P வரிசையும் P, B வரிசையும் தேவையில்லை. மிஞ்சுபவை P தனியாக, A, B சேர்ந்து. கூட்டல் குறியை "அல்லது" என்றும், பெருக்கலை "இரண்டும் சேர்ந்து" என்றும் படித்தால்:

```
(A + P)(B + P) = P + AB
```

உச்சிக் கேட்டை உண்டாக்கப் போதுமான, எதையும் விட்டுவிட முடியாத இந்தச் சேர்க்கைகளைத்தான் குறுகிய வெட்டுத்தொகுதிகள் என்கிறார்கள். மரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் உண்மையான பேச்சு இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இதில் தனியாக நிற்கும் நிகழ்வைத்தான் முதலில் தேட வேண்டும்.

கணக்கில் இந்தத் தவறு எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு A, B இரண்டின் நிகழ்தகவும் 0.01, P-யினுடையது 0.001 என்று கொள்வோம். கிளைக்குக் கிளை கணக்கிட்டால் ஒரு பம்பு நிற்க ஏறத்தாழ 0.011, இரண்டையும் பெருக்கினால் 0.000121. வெட்டுத்தொகுதிகளின்படி 0.001 + 0.0001, அதாவது 0.0011. கிளைகளைப் பெருக்கியவர் ஆபத்தை ஒன்பது மடங்கு குறைத்துக் காட்டிவிட்டார். தனித்தனி நிகழ்வுகளுக்கு மட்டுமே பெருக்கல் பொருந்தும். இங்கே கிளைகள் தனித்தனி அல்ல.

P எந்தக் குறியில் வரையப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வட்டம் என்றால் அடிப்படை நிகழ்வு. சாய்சதுரம் என்றால் வரைந்தவர் அதற்குக் கீழே ஆராயவில்லை என்று பொருள். சாய்சதுரத்தை மூலக்காரணம் என்று அறிக்கையில் எழுதுவது நியாயமல்ல. மின்சாரம் ஏன் போனது, ஃபியூஸா, பிரேக்கரா, கேபிளா என்ற கேள்வி அப்படியே திறந்து கிடக்கிறது.

இரண்டு பம்புகளுக்கும் தனித்தனி மின்இணைப்பு கொடுத்தால் P இரண்டாகப் பிரியும். அப்போது எல்லா வெட்டுத்தொகுதிகளிலும் இரண்டு நிகழ்வுகள் இருக்கும். முன்பு தவறாக வந்த 0.000121 அப்போதுதான் சரியான விடையாகும். ஆனால் அந்த இரு இணைப்புகளும் ஒரே பேனலிலிருந்து புறப்பட்டால், P பெயர் மாறி ஒரு படி கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மரத்தில் வெவ்வேறு பெயரில் வரும் நிகழ்வுகளையும் மின்இணைப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தனித்தனி என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.