முதியவர் உடம்பில் பெரிய கொப்புளங்கள்: பயாப்ஸியில் கோட்டைவிடும் இடங்கள்

எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குத் தொடையிலும் கையிலும் வயிற்றிலும் திடீரெனப் பெரிய பெரிய கொப்புளங்கள் கிளம்புகின்றன. உள்ளே தெளிந்த நீர், சிலவற்றில் லேசாக ரத்தம் கலந்த நீர். சில சென்டிமீட்டர் அகலம் இருக்கும். விரலால் அழுத்தினாலும் சட்டென உடையாது, நன்றாகக் காற்றடித்த பந்துபோல விறைத்து நிற்கும். இப்படிப்பட்ட கொப்புளத்தைக் கண்டால் தோல் மருத்துவர்கள் முதலில் நினைப்பது புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்ற நோயை. ஆனால் நினைப்பது வேறு, உறுதி செய்வது வேறு. அந்த இடைவெளியில் நடக்கும் தவறுகள்தான் நோயாளியை மாதக்கணக்கில் அலைய வைக்கின்றன.

கொப்புளம் ஏன் விறைப்பாக இருக்கிறது என்பதிலேயே நோயின் பாதிக் கதை அடங்கியிருக்கிறது. நம் மேல்தோல், அதன் அடியிலுள்ள தோலோடு நுண்ணிய பிடிப்புகளால் இணைந்திருக்கிறது. அந்தப் பிடிப்பில் பிபி180, பிபி230 என்று இரண்டு புரதங்கள் உண்டு. இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே இவற்றை அந்நியப் பொருள் என்று தவறாக எண்ணித் தாக்குகிறது. பிடிப்பு விட்டுப்போக, மேல்தோல் முழுசாகத் தூக்கிக்கொள்கிறது, அடியில் நீர் சேர்கிறது. கூரையாக நிற்பது மேல்தோலின் முழுத் தடிமன் என்பதால் எளிதில் கிழிவதில்லை. பெம்ஃபிகஸ் என்ற இன்னொரு நோயில் மேல்தோலுக்கு உள்ளேயே பிளவு விழும். அங்கே கூரை மெல்லியது. கொப்புளம் தொளதொளவென்று இருந்து சீக்கிரம் உடைந்து புண்ணாகிவிடும். வாய்ப்புண்ணும் அதில் மிகுதி. 1953-இல் வால்டர் லீவர் என்ற மருத்துவர் இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டினார்.

முதல் தவறு கொப்புளம் வருவதற்கு வெகு முன்பே நடக்கிறது. பலருக்கு இந்த நோய் வெறும் அரிப்பாகத்தான் தொடங்கும். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அரிப்பு, கூடவே தடிப்புத் தடிப்பாகச் சிவந்த திட்டுகள். வயசானால் தோல் காய்ந்து அரிக்கும் என்றோ, ஒவ்வாமை என்றோ, சிரங்கு என்றோ வைத்தியம் நடக்கும். முதலில் அப்படி நினைப்பதில் குற்றமில்லை, அவைதான் அதிகம் வருபவை. அரிப்பு மாத்திரைக்கும் சிரங்கு மருந்துக்கும் அசையாத அரிப்பு, தூக்கத்தையே கெடுக்கும் அளவுக்கு, எழுபது தாண்டியவருக்கு நீடிக்கிறது என்றால் கொப்புளம் இல்லாவிட்டாலும் இந்த நோயை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொப்புளம் வந்த பிறகு நடக்கும் தவறு, பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிடுவது. அக்கி என்றால் உடலின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டை போல, எரிச்சலோடு கொத்துக்கொத்தாக வரும். இந்த நோய் இரு பக்கமும் வரும், குறிப்பாக மடிப்புகளிலும் கைகால்களின் உட்பக்கத்திலும். கால் வீக்கம் கடுமையாக இருப்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நீர்க்கொப்புளம் வரலாம், அது வீக்கம் உள்ள இடத்தோடு நிற்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் சிவப்போ அரிப்போ இல்லாமல் கொப்புளம் வருவதுண்டு. ஒரே ஒரு நிலைமையில் மட்டும் எந்தக் கணக்கும் போடாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்: புதிதாக ஒரு மருந்து தொடங்கிய சில வாரங்களில், தொட்டாலே வலிக்கும் தோல், கண்ணும் வாயும் புண்ணாவது, காய்ச்சல், தோல் உரிந்து வருவது. அது வேறு நோய், உயிருக்கே ஆபத்தானது.

இனி முக்கியமான தவறு. "எதற்குப் பயாப்ஸி, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம், குறைந்தால் அதுதான்" என்கிற முடிவு. ஸ்டீராய்டுக்குக் குறையாத தோல் அழற்சி குறைவு. ஆக, குறைந்தது என்பது எதையும் நிரூபிக்கவில்லை. அதே சமயம், மாத்திரை சில நாள் உள்ளே போனதும் கொப்புளங்கள் வற்றத் தொடங்கும், திசுவில் தேட வேண்டிய இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறையும், பரிசோதனையில் நோய் தெரியாமல் போகும் வாய்ப்பு கூடும். பிறகு மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், தொடர்ந்தால் எதற்காகத் தொடர்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. இந்த நோய்க்குச் சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகும். 80 வயதில் அவ்வளவு காலம் ஸ்டீராய்டு என்றால் எலும்பு, சர்க்கரை, தொற்று என எல்லாமே கணக்கில் வரும். பெயர் உறுதியாகாத நோய்க்கு அந்த விலையைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிகிச்சையை முடிவு வரும்வரை தள்ளிப்போடவும் தேவையில்லை. தோல் துண்டை எடுத்த அன்றே மருந்தைத் தொடங்கலாம். வரிசைதான் முக்கியம், முதலில் பயாப்ஸி, பிறகு மருந்து.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 79 வயது அம்மா ஒருவர். சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின் கலந்த மாத்திரையை ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறார். நாலு மாத அரிப்புக்குப் பிறகு தொடையின் உட்பக்கத்திலும் முன்கையிலும் கொப்புளங்கள். பயாப்ஸி செய்தார்கள், ஆனால் ஒரே ஒரு துண்டு. அதுவும் நாலைந்து நாள் ஆன பெரிய கொப்புளத்தின் நடுவிலிருந்து எடுத்து, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பினார்கள். நடுவில் எடுத்ததால் கூரை தனியாகப் பிய்ந்து வந்துவிட்டது. பழைய கொப்புளத்தின் அடியில் புதுத் தோல் வளரத் தொடங்கிவிடும் என்பதால் பிளவு எந்த மட்டத்தில் விழுந்தது என்பதும் குழப்பமானது. "மேல்தோலுக்கு அடியில் கொப்புளம் இருக்கலாம், நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று அறிக்கை வந்தது. ஒன்றும் விளங்கவில்லை. வீட்டார் பயாப்ஸியே வீண் என்று முடிவு கட்டினார்கள்.

வீணானது பயாப்ஸி அல்ல, எடுத்த விதம். இந்த நோய்க்கு இரண்டு துண்டுகள் வேண்டும், இரண்டு பாட்டில்கள் வேண்டும். முதல் துண்டு, ஓரிரு நாளுக்குள் வந்த புதுக் கொப்புளத்தின் விளிம்பிலிருந்து, பக்கத்துத் தோலும் சேர்ந்து வருமாறு. சின்னக் கொப்புளமாக இருந்தால் முழுசாகவே எடுக்கலாம். இது ஃபார்மலினில் போகும். பிளவு எந்த மட்டம், எந்த வகை அணுக்கள் என்பதை இது சொல்லும். இரண்டாவது துண்டு கொப்புளத்தில் எடுக்கக் கூடாது. கொப்புளத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டருக்குள், அருகிலுள்ள கொப்புளம் இல்லாத தோலில் எடுக்க வேண்டும். இது நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு, அதாவது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கித் தோலில் படிந்திருக்கும் எதிரணுக்களை ஒளிரவைத்துக் காட்டும் சோதனைக்கு. கொப்புளத்துக்குள் அழற்சியில் எதிரணுக்கள் சிதைந்துபோயிருக்கும், பக்கத்துத் தோலில்தான் அப்படியே படிந்திருக்கும். இந்தத் துண்டு ஃபார்மலினைத் தொடவே கூடாது, தொட்டால் சோதனை கெட்டுவிடும். மைக்கேல் திரவம் என்ற தனித் திரவத்தில் போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் நார்மல் சலைனில் போட்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். முடிந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது, அங்கே பொய்யாக இல்லை என்று வருவது அதிகம்.

இந்த அம்மாவுக்கு இரண்டாம் முறை இப்படித்தான் எடுத்தார்கள். மேல்தோலும் அடித்தோலும் சேரும் எல்லையில் ஐஜிஜி என்ற எதிரணுவும் சி3 என்ற எதிர்ப்புப் புரதமும் ஒரே நேர்கோடாகப் படிந்திருந்தன. அந்தக் கோடுதான் கையெழுத்து. பெம்ஃபிகஸாக இருந்தால் அணுக்களைச் சுற்றி வலைபோலப் படிந்திருக்கும். இதே நேர்கோட்டைக் காட்டும் வேறு சில அரிய நோய்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் உப்புக் கரைசலால் தோலைப் பிளந்து கோடு கூரையில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெம்ஃபிகாய்டில் கூரையில் இருக்கும். ரத்தத்தில் பிபி180 எதிரணுவை எலைசா முறையில் அளப்பதும் துணைக்கு வரும்.

வீட்டார் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோல் எடுக்கும் முன்பே, "இம்யூனோஃபுளோரசன்ஸுக்கும் தனியாக ஒரு துண்டு எடுக்கிறீர்களா டாக்டர், அது எந்த பாட்டிலில் போகிறது?" என்று கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வயதானவருக்குத் தோலை வெட்டுவதா என்ற பயம் நியாயமானது, ஆனால் வெட்டு சிறியது. மரத்துப்போக ஊசி போட்டு, வழக்கமாக 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள துண்டு எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது, பெரும்பாலும் நிறுத்தவே தேவைப்படாது.

முடிவு உறுதியான பிறகுதான் மாத்திரைப் பட்டியலைத் திரும்பப் பார்க்கும் பேச்சுக்குப் பலம் வருகிறது. கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைகள், அதிலும் வில்டாகிளிப்டின், இந்த நோயைத் தூண்டக்கூடும். மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். வீட்டில் நாமே நிறுத்தினால் சர்க்கரை எகிறும், இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்து அதை இன்னும் ஏற்றும்.

மருந்து பூசுவதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. குளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு கிரீம் எழுதிக் கொடுத்தால், கொப்புளத்தின் மேல் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஒரு ட்யூபை மாதம் முழுவதும் ஓட்டுவார்கள். இந்த நோய்க்குச் சொல்லப்படும் அளவு, நோயின் பரப்பையும் எடையையும் பொறுத்து நாளுக்கு 10 முதல் 30 கிராம். முகம் தவிர உடம்பு முழுக்க, நல்ல தோலிலும் பூச வேண்டும். 30 கிராம் ட்யூப் சிலருக்கு ஒரே நாளில் தீரும். 2002-இல் வெளியான ஒரு பெரிய பிரெஞ்சு ஆய்வில், நோய் பரவலாக இருந்தவர்களில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கிரீம் பூசியவர்கள் அதிகம் பேர் உயிர் பிழைத்தார்கள். அளவைக் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான், படிப்படியாக.

கொப்புளம் நடக்க முடியாதபடி பெரிதாக இருந்தால், சுத்தமான ஊசியால் அடியில் குத்தி நீரை வடியவிட்டு, கூரைத் தோலை அப்படியே விட வேண்டும். அதை வெட்டி எடுத்தால் அடியிலுள்ள சதை திறந்து தொற்று ஏறும்.

சில சமயம் எல்லாம் சரியாக எடுத்தும் இம்யூனோஃபுளோரசன்ஸ் ஒன்றும் காட்டாது. நோயாளியைப் பார்த்தால் இந்த நோய் போலவே இருக்கிறது என்றால் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது. வேறு இடத்தில், உடம்பின் நடுப்பகுதியில் அல்லது மேல்கையில், புதுக் கொப்புளத்துக்கு அருகில் மறுபடி ஒரு துண்டு எடுத்து, கூடவே ரத்தத்தில் எதிரணுக்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.