கோழிக்கூட்டில் செள்ளு: ராத்திரியில் டார்ச் அடித்துப் பாருங்கள்

அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடியது, மற்றதுகளுக்குக் கொண்டை வெளுத்தது, சாயங்காலமானால் கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறின. பகலில் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சிவப்புச் செள்ளு இப்படித்தான் இருக்கும். பகலெல்லாம் மரக்கட்டையின் விரிசலில் ஒளிந்திருந்து, இருட்டியதும் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பேன் அப்படியில்லை, கோழி மேலேயே குடியிருக்கும், ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருக்கும்.

முதலில் சோதனை. கோழிகள் அடைந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனபிறகு போங்கள். வெள்ளைத் துணியால் அவை உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் செள்ளுதான். ரத்தம் குடிக்காதது சாம்பல் நிறத்தில் இருக்கும், அதனால் மிளகுத்தூள் சிந்தியது போலத் தெரிவதையும் விடாதீர்கள்.

அடுத்து சுத்தம். கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றி, கூளத்தையும் அடைவைத்த வைக்கோலையும் வாரி எரித்துவிடுங்கள். இனிமேல்தான் முக்கியமான வேலை. கம்பைக் கழற்றாமல் மேலே மருந்தடிப்பது வீண், ஏனென்றால் கம்பின் நுனி சட்டத்தில் உட்காரும் அந்தக் குழிதான் செள்ளுக்குக் கோட்டை. ஆணியைப் பிடுங்கி, கம்பை வெளியே எடுத்து, குழியையும் விரிசலையும் பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, சோப்புத்தூள் கலந்த கொதிநீரை ஊற்றுங்கள். இரும்புக் கூண்டு என்றால் ப்ளோ லேம்ப் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஓலைக் கொட்டகைப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. நன்றாகக் காய்ந்தபின், கோழிக் கொட்டகைக்கென்று கால்நடை மருந்துக்கடையில் தரும் மருந்தை லேபிளில் உள்ள அளவில் கலந்து விரிசலுக்குள் இறங்கும்படி அடியுங்கள். அது உலர்ந்ததும் பிளவுகளைச் சுண்ணாம்புக் குழம்பால் அடைத்துவிடலாம். இனிமேல் கம்பை ஆணி அடிக்காமல் கழற்றி மாட்டும்படி வையுங்கள், அடுத்த சோதனை ஐந்து நிமிஷத்தில் முடியும்.

ஒரு தடவையோடு நிறுத்தக்கூடாது. செள்ளின் முட்டைக்கு மருந்து அவ்வளவாக ஏறாது, வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஏழாம் நாள் மறுபடி அடித்துவிட்டு, ராத்திரி அதே துணிச் சோதனையைச் செய்யுங்கள். கூட்டைச் சும்மா காலியாகப் போட்டாலும் போகாது, பட்டினியாகவே மாதக்கணக்கில் கிடக்கும்.

பின்சேர்ப்பு: கோழிக்குச் சாம்பல் குளியல் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பேன் குறைய அது உதவும், அதனால் ஒரு தொட்டியில் மண்ணும் சாம்பலும் எப்போதும் வையுங்கள், ஆனால் கட்டையில் இருக்கும் செள்ளை அது தொடாது. பேன் அதிகமாகி நேராகக் கோழி மேல் மருந்து போட வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டே போடுங்கள், எத்தனை நாள் முட்டையைப் பயன்படுத்தக்கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.