ஒரு முள், ஒரு புஷ், மூன்று பொருத்தம்: H7 துளைக்கு எந்த ஷாஃப்ட் என்று முடிவெடுப்பது எப்படி

படத்தில் ⌀20 H7/g6 என்று எழுதியிருந்தால் அட்டவணையைப் பார்த்து அளவைக் கண்டுபிடித்துவிடலாம், அதில் கஷ்டம் இல்லை. அந்த இடத்தில் g6 எழுதவேண்டுமா, k6 எழுதவேண்டுமா என்று நாமே முடிவு செய்யவேண்டி வரும்போதுதான் கை நிற்கும். அதற்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம்.

வேலை இதுதான். ஒரு கன்வேயரில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கை. எஃகுக் கையின் ஒரு முனையில் 26 மி.மீ. துளை, அதற்குள் கன்மெட்டல் புஷ். புஷ்ஷின் உள்விட்டம் 20. அதன் வழியாக ஒரு முள் போய், இரண்டு பக்கமும் நிற்கும் காதுகளில் உட்காருகிறது. கை ஸ்பிரிங் இழுப்புக்கு மெதுவாக முன்னும் பின்னும் ஆடும், சுற்றாது. வருடத்துக்கு ஒருமுறை முள்ளைக் கழற்றி கிரீஸ் போடவேண்டும்.

முதலில் துளைகளை முடித்துவிடுங்கள்

ஹோல் பேசிஸ் என்றால் துளையை ஒரே அளவில் நிறுத்திவிட்டு, தேவையான தளர்வையும் இறுக்கத்தையும் ஷாஃப்ட் பக்கம் வைத்துக்கொள்வது. துளை எப்போதும் H, அதாவது அதன் குறைந்தபட்ச அளவு சரியாகப் படத்தில் உள்ள அளவேதான். காரணம் பட்டறையில் இருக்கிறது: துளையை முடிப்பது ரீமர், அதற்கு ஒரே விட்டம். ஷாஃப்டை லேத்திலோ கிரைண்டரிலோ எந்த அளவுக்கு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். நம் வேலையில் கையில் ஒரு 26H7, புஷ்ஷில் ஒரு 20H7, காதுகளில் இரண்டு 20H7. நாலு துளைக்கும் சேர்த்து இரண்டே ரீமர், சரிபார்க்க இரண்டு பிளக் கேஜ்.

அட்டவணையிலும் ஒரே வரிசை போதும். 18க்கு மேல் 30 வரை ஒரே வரிசைதான், 20ம் 26ம் அதற்குள் வந்துவிடுகின்றன. எல்லாம் மைக்ரானில்:

```
18–30 மி.மீ.   கீழ்    மேல்
துளை  H7       0     +21
தண்டு f7     -41     -20
தண்டு g6     -20      -7
தண்டு h6     -13       0
தண்டு k6      +2     +15
தண்டு p6     +22     +35
தண்டு s6     +35     +48
```

ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு கேள்வி

வேலை செய்யும்போது இந்த இரண்டு பாகமும் ஒன்றுக்கொன்று நகருமா? நகராது என்றால், பிறகு கழற்றவேண்டி வருமா? நகரும் என்றால் g அல்லது f பக்கம். நகராது, ஆனால் கழற்றவேண்டும் என்றால் h அல்லது k பக்கம். நகரவும் கூடாது, கழற்றவும் வேண்டாம் என்றால் p, s பக்கம். இது ஆரம்பம்தான். எழுத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் நிறுத்திவிடாமல் இரண்டு ஓரங்களையும் கணக்குப் போடவேண்டும்: பெரிய துளையில் சின்னத் தண்டு விழுந்தால் என்ன, சின்னத் துளையில் பெரிய தண்டு விழுந்தால் என்ன. நடுவில் இருப்பது தானாகப் பார்த்துக்கொள்ளும்.

முள்ளும் புஷ்ஷும்: நகரும் மூட்டு

H7/g6 வைத்துப் பார்க்கலாம். மிகக் குறைந்த இடைவெளி 0 − (−7) = 7 மைக்ரான், மிக அதிகம் 21 − (−20) = 41 மைக்ரான். கையால் தள்ளினால் வழுக்கும், ஆனால் கடகடக்காது. மெதுவாக ஆடும் கைக்கு இது சரி.

இதே முள் நிற்காமல் சுற்றுவதாக இருந்தால் நான் g6 எழுதமாட்டேன். 20 மி.மீ. எஃகு முள் புஷ்ஷைவிட 30 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 7 மைக்ரான் வளரும். g6 கொடுத்த குறைந்தபட்ச இடைவெளியே 7 மைக்ரான்தானே? எண்ணெய் நிற்க இடம் இல்லாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் சுற்றும் வேலைக்கு f7. H7/f7 என்றால் 20 முதல் 62 வரை இடைவெளி கிடைக்கும். பொருத்தம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு தரம் என்று நினைத்து எல்லா இடத்திலும் g6 போட்டுவைக்கும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு, எனக்கும் இருந்தது.

கையும் புஷ்ஷும்: அடித்து உட்காரும் மூட்டு

இங்கே பாடப்புத்தகம் H7/p6 சொல்லும். கணக்கைப் போடுங்கள். மிக அதிக இறுக்கம் 35. மிகக் குறைந்த இறுக்கம் 22 − 21 = 1 மைக்ரான். ஒரு மைக்ரான்! ரீமர் விட்ட கோடுகளும் புஷ்ஷின் மேல் உள்ள லேத் கோடுகளும் அழுத்தும்போது நசுங்குவதிலேயே அது போய்விடும். p6 ஒரு பாகத்தை நேராக இடத்தில் நிறுத்தத்தான் நல்லது. சுமை முன்னும் பின்னும் தள்ளும் இடத்தில் புஷ் பிடித்து நிற்க வேண்டுமென்றால் s6 எடுத்தேன்: குறைந்தது 14, அதிகம் 48 மைக்ரான் இறுக்கம். கையின் சுவர் மெல்லிய வார்ப்பிரும்பாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன், 48 வரும் நாளில் விரிசல் விடலாம். அப்படி இருந்தால் p6 போட்டு ஒரு கிரப் ஸ்க்ரூவால் பூட்டிவிடலாம்.

இதில்தான் நான் ஒருமுறை மாட்டினேன். புஷ்ஷை லேத்திலேயே உள்ளும் வெளியும் முடித்து, 20H7 பிளக் கேஜ் அழகாகப் போவதைப் பார்த்துவிட்டு, பிரஸ்ஸில் வைத்து அழுத்திவிட்டேன். முள் உள்ளே போகவில்லை. முள்தான் பெரிதாகிவிட்டது என்று நினைத்து அதை எமரித் தாளில் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்து, "தம்பி, முள்ளை விடு, அந்தக் கேஜை இப்ப புஷ்ல விட்டுப் பாரு" என்றார். கேஜின் GO முனையே நுழையவில்லை.

வெளியே இறுக்கினால் உள்துளை சுருங்கும். 3 மி.மீ. சுவருள்ள கன்மெட்டல் புஷ் எஃகுக் கைக்குள் போகும்போது, இறுக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் உள்விட்டத்தில் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மைக்ரான் இறுக்கத்துக்கு 30 மைக்ரான் போச்சு. g6 கொடுத்த 7 எங்கே, இந்த 30 எங்கே? அதனால் புஷ்ஷை உள்ளே 19.8 அளவில் விட்டு, அழுத்தி உட்காரவைத்து, அதன் பிறகு 20H7 ரீமர் விடவேண்டும். படத்திலும் "அழுத்திய பிறகு ரீம் செய்" என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் புஷ் செய்பவர் முடித்தே அனுப்புவார்.

அழுத்தும்போது புஷ்ஷின் நுனியில் 15 டிகிரி அளவில் ஒரு நீளமான சரிவு இருக்கட்டும், கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், தோள் உள்ள மாண்ட்ரல் வைத்து நேராகத் தள்ளுங்கள். சுத்தியல் வேண்டாம், சாய்ந்து போனால் ஒரு பக்கம் சீவிக்கொண்டு போகும், அப்புறம் அந்தப் பக்கம் பிடிப்பே இருக்காது.

முள்ளும் காதுகளும்: இடத்தில் நிற்க, ஆனால் கழற்ற

முள் காதுகளுக்குள் ஆடக்கூடாது, ஆடினால் காதுத் துளை முட்டை வடிவமாகத் தேயும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வெளியே வரவேண்டும். H7/h6 என்றால் இடைவெளி 0 முதல் 34 வரை, எண்ணெய் தடவிக் கையால் தள்ளலாம். H7/k6 என்றால் 19 மைக்ரான் தளர்விலிருந்து 15 மைக்ரான் இறுக்கம் வரை எதுவும் வரலாம், ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றி, தட்டி இறக்குவது. முள் நிற்க எனக்கு k6 பிடித்தது. இரண்டு காதுக்கும் k6 என்று எழுதியும் விட்டேன்.

பிறகுதான் முள் எந்த வழியாகப் போகிறது என்று யோசித்தேன். இடது காது, புஷ், வலது காது, இந்த வரிசையில் போகவேண்டும். வலது காதுக்கான முனை 20.015 வரை இருக்கலாம், அது 20.000 உள்ள புஷ்ஷைக் கடந்து போகவேண்டும். கடக்கும், கன்மெட்டலைச் சீவிக்கொண்டு! நாம் கவனமாக ரீம் செய்த துளையை நாமே கெடுப்பது போல.

தீர்வு எளிது. முள்ளின் தலைப் பக்கம் உள்ள கடைசி 15 மி.மீ. மட்டும் k6, அது இடது காதில் மட்டும் உட்காருகிறது. மீதி முழுவதும் g6. முன்முனை வலது காதில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், பரவாயில்லை, தலையில் ஒரு பூட்டுத் தகடு வைத்து முள் சுற்றாமல் செய்துவிட்டால் அங்கே தேய்மானம் வராது. இரண்டு விட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் விடுங்கள், கிரைண்டர் வீலுக்கு நிற்க இடம் கிடைக்கும்.

ஒரே முள்ளில் மூன்று நான்கு வகைப் பொருத்தம் வந்தால், ஹோல் பேசிஸ் கைகொடுக்காத இடம் அது. அப்போது முள்ளை முழு நீளத்துக்கும் h6 ஆக வாங்கிவிட்டு, துளைகளை மாற்றிக்கொள்வது சிக்கனம். ஆனால் இரண்டு விட்டத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

அளந்து பார்ப்பது

முள்ளுக்குக் கிடைத்த டாலரன்ஸ் 13 மைக்ரான். 0.01 கோடு உள்ள மைக்ரோமீட்டரில் அது ஒரு கோட்டுக்குக் கொஞ்சம் அதிகம், அதில் கண்ணால் தீர்ப்பு சொல்ல முடியாது. மைக்ரான் காட்டும் கருவியை எடுங்கள். கிரைண்டரில் இருந்து எடுத்தவுடன் அளக்காதீர்கள், சூடான முள் பெரிதாகக் காட்டும், சரியாக இருக்கிறது என்று நிறுத்தாமல் இன்னும் அரைத்துவிடுவீர்கள், ஆறியபின் சின்னதாகிப்போயிருக்கும்.

எல்லாம் கூட்டுவதற்கு முன், முள்ளை வைஸில் பிடித்து கையை மட்டும் மாட்டி, புஷ்ஷுக்கு நேர் மேலே கையின்மேல் டயல் வையுங்கள். கையை மேலும் கீழும் தூக்கித் தள்ளினால் டயல் காட்டும் மொத்த அசைவுதான் இடைவெளி. 7க்கும் 41க்கும் நடுவே வரவேண்டும், எங்கள் வேலையில் 25ஐ ஒட்டி வந்தது. 60 என்று வந்தால் முள்ளைச் சந்தேகப்படுவதற்கு முன் புஷ்ஷின் இரண்டு வாயிலும் பிளக் கேஜின் NO GO முனையை விட்டுப் பாருங்கள். வாயில் நுழைந்து நடுவில் நின்றால், ரீமரைக் கையால் சாய்த்துத் திருப்பியிருக்கிறார்கள், துளை எக்காள வாய் மாதிரி விரிந்திருக்கிறது, அந்தப் புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு இன்னொன்று போடவேண்டியதுதான்.