பொக்லைன் வாங்கும் கணக்கில் ஓவர்ஹால் செலவை எந்த வருடத்தில் போடுவது: எக்செல் செய்முறை

வாடகைக்கு விட 20 டன் எக்ஸ்கவேட்டர் வாங்கலாமா என்று கணக்குப் போடும் பலர் விலை, டீசல், ஆபரேட்டர் சம்பளம், கடைசியில் விற்கும் விலை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். நடுவில் வரும் பெரிய செலவு மட்டும் தாளில் இருக்காது. இன்ஜின் பிரித்து லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றுவது, ஹைட்ராலிக் மெயின் பம்ப் ரீகண்டிஷன், ட்ராக் செயினும் ரோலரும் புதிதாகப் போடுவது எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக வரும். அது எந்த வருடத்தில் விழுகிறது, எவ்வளவாக விழுகிறது, அந்த நேரத்தில் வண்டியை விற்றுவிடுவதே மேலா என்பதை ஒரு ஷீட்டில் பார்த்துவிடலாம். எக்செல்லில் கூட்டல் கழித்தல் தெரிந்திருந்தால் போதும்.

கீழே உள்ள தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: உள்ளீடுகள்

வண்டி விலை 60 லட்சம். வருடத்துக்கு 2,000 மணி நேரம் ஓடும். டீசல் வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு. ஆபரேட்டர், ஆயில், ஃபில்டர், இன்சூரன்ஸ் போக வருடம் 16 லட்சம் கையில் நிற்கும். 8 வருடம் ஓட்டி, கடைசியில் 12 லட்சத்துக்கு விற்கிறோம். ஓவர்ஹால் 10,000 மணி நேரத்தில் வருகிறது. இன்றைய விலையில் 14 லட்சம்.

ஷீட்டின் மேலே `B1`-ல் 1400000, `B2`-ல் விலையேற்றம் 6%, `B3`-ல் பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் 13%, `B4`-ல் 10000, `B5`-ல் 8 என்று போடுங்கள். 7-ஆம் வரிசையில் `C7` முதல் `K7` வரை 0, 1, 2 என்று 8 வரை வருடங்கள். 8-ஆம் வரிசையில் அந்தந்த வருட முடிவில் ஹவர் மீட்டர் காட்டப்போகும் எண்: `C8`-ல் 0, `D8`-ல் 2000, இப்படியே `K8`-ல் 16000. வரிசை 9 வாங்கிய விலையும் விற்ற விலையும், 10 வருட வருமானம், 11 ஓவர்ஹால், 12 வண்டி நின்ற நஷ்டம், 13 மொத்தம். வெளியே போகும் பணம் எல்லாமே மைனஸில்.

14 லட்சம் என்ற தொகையை ஒரே வரியாக வாங்காதீர்கள். இன்ஜின் 5.5, ஹைட்ராலிக் பம்ப் 3.5, அண்டர்கேரேஜ் 4, லேபர் 1 என்று பிரித்துக் கேளுங்கள். காரணம், இவை எல்லாம் ஒரே நேரத்தில் தேய்வதில்லை. பாறையில் ஓடும் வண்டிக்கு ட்ராக் செயின் இன்ஜினுக்கு வெகு முன்பே போய்விடும். அப்படியானால் அந்த 4 லட்சத்துக்குத் தனி வரிசையும் தனி மணி நேரமும் வேண்டும். கொட்டேஷனில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடிந்தவர்கள் அது இல்லாத தொகையைப் போடுங்கள்.

படி 2: சரியான கட்டம்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். 10,000 மணி நேரம் 5-ஆம் வருட முடிவில் முடிகிறது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போவது 6-ஆம் வருடத் தொடக்கத்தில். உடனே பலரும் செலவை 6 என்ற கட்டத்தில் எழுதுகிறார்கள். அது தவறு. இந்த மாதிரி ஷீட்டில் 5 என்ற கட்டம் ‘5-ஆம் வருடம் முடியும் நாள்’ என்று பொருள். 6-ஆம் வருடம் தொடங்கும் நாளும் அதே நாள்தான். பில் கட்டுவது அப்போது என்றால் செலவு 5-ல் வர வேண்டும். 6-ல் போட்டால் 12 மாதம் கழித்துக் கட்டுவதாக ஆகிவிடும். செலவு இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும்.

கையால் எழுதாமல் ஹவர் மீட்டரை வைத்தே கட்டம் தேர்வாகும்படி `D11`-ல் இதைப் போட்டு `K11` வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(AND(INT(D8/$B$4)>INT(C8/$B$4),D$7<$B$5),-$B$1*(1+$B$2)^D$7,0)
```

மீட்டர் 10,000-ஐத் தாண்டும் வருடத்தில் மட்டும் செலவு விழும். `D$7<$B$5` என்ற பகுதியை எடுத்துவிடாதீர்கள். வருடம் 2,500 மணி நேரம் ஓடினால் 8-ஆம் வருட முடிவில் மீட்டர் 20,000 காட்டும். அந்தப் பகுதி இல்லாவிட்டால், விற்கப்போகும் வண்டிக்கு அன்றைக்கே இன்னொரு ஓவர்ஹால் செய்ததாகக் கணக்கு வந்துவிடும்.

14 லட்சம் இன்றைய விலை. 6% ஏற்றத்தில் 5 வருடம் கழித்து அது 18.73 லட்சம். கழிவு விகிதமான 13% வங்கி வட்டியை ஒட்டியது, அதற்குள் விலையேற்றம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் செலவையும் அன்றைய விலையில்தான் எழுத வேண்டும். வருமானத்தை ஏன் ஏற்றவில்லை என்றால், வாடகை ஏறினாலும் பழைய வண்டிக்குக் கிடைக்கும் ரேட் குறையும், சம்பளமும் ஏறும். அதனால் 16 லட்சத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

படி 3: வண்டி நிற்கும் நாட்கள்

இன்ஜின் பிரித்த பிறகு கிராங்க் ஷாஃப்ட் அரைக்கப் போகும், பம்ப் தனியே போகும், ஏதாவது ஒரு பார்ட் வரத் தாமதமாகும். 6 வாரம் வைத்துக்கொண்டால் சுமார் 2.5 லட்சம் வருமானம் போகிறது. வேலை 6-ஆம் வருடத்தில் நடப்பதால் இந்த நஷ்டம் மட்டும் 6-ல் விழும். `D12`-ல் போட்டு இழுங்கள்:

```
=IF(C11<0,-250000,0)
```

வருட நடுவிலேயே ஓவர்ஹால் வரும் கணக்கு என்றால் `C11`-க்குப் பதில் `D11`.

படி 4: நிகரத் தற்போதைய மதிப்பு

எல்லா வருடத்து வரவு செலவையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் வருவது இது:

```
=C13+NPV($B$3,D13:K13)
```

`C13`-ஐ அடைப்புக்குள் சேர்க்கக் கூடாது. `NPV` தனக்குக் கொடுத்த முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்குக் கொடுக்கும் 60 லட்சத்தையும் அது குறைத்துவிடும்.

விடை 9.92 லட்சம். 11, 12 வரிசைகளை அழித்துப் பாருங்கள், 21.29 லட்சம் காட்டும். அந்த ஒரு செலவை விட்டால் லாபம் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது.

முதலீடு தரும் வருட வருமான விகிதத்தைக் காட்டும் `IRR`-ஐப் பார்த்து முடிவெடுப்பதை இந்தக் கணக்கில் நான் பரிந்துரைக்க மாட்டேன். 5-ஆம் வருடத்தில் 16 வரவு, 18.73 செலவு, மொத்தம் மைனஸ் 2.73 லட்சம். மைனஸ், ப்ளஸ், மறுபடி மைனஸ், மறுபடி ப்ளஸ் என்று குறி மாறும் வரிசையில் `IRR`-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்க வாய்ப்புண்டு; எக்செல் அதில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

இன்னொரு வழக்கமான பிழை, 18.73 லட்சத்தை முதல் 5 வருடத்துக்குப் பங்கிட்டு வருடம் 3.75 லட்சம் என்று எழுதுவது. சேமிப்புத் திட்டமாக அது நல்ல பழக்கம். ஆனால் வங்கியில் போட்டு வைத்த பணம் இன்னும் உங்களுடையதுதான், வட்டியும் வருகிறது. பங்கிட்டு எழுதினால் இன்றைய மதிப்பில் செலவு 13.18 லட்சம் ஆகும். சரியான தொகை 10.17 லட்சம். 3 லட்சம் வித்தியாசத்தில் நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட நேரும்.

படி 5: செய்வதா, விற்பதா

ஓவர்ஹால் செய்யாமல் 5-ஆம் வருட முடிவில் விற்றால் 22 லட்சம் கிடைக்கும் என்று வைப்போம். ஷீட்டை நகல் எடுத்து `B5`-ல் 5 போட்டு, 5-க்குப் பிறகான கட்டங்களைக் காலி செய்து, விற்ற விலையை 5-ல் போடுங்கள். விடை 8.22 லட்சம். செய்து ஓட்டினால் 9.92. ஓவர்ஹால் ஜெயிக்கிறது, ஆனால் வெறும் 1.7 லட்சத்தில்.

இவ்வளவு நெருக்கம் என்றால் எல்லைக் கோட்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம். டேட்டா மெனுவில் உள்ள `Goal Seek`-ஐத் திறந்து, ஓவர்ஹால் ஷீட்டின் விடை 8.22 லட்சம் ஆக `B1` எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சுமார் 16.35 லட்சம் வரும். லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் இதே வசதி டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. இன்றைய விலையில் கொட்டேஷன் அதற்கு மேல் போனால் விற்பதே மேல். பிரித்த பிறகு பிளாக்கில் விரிசல் தெரிந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே பிரிப்பதற்கு முன்பே நிலைமையைப் பாருங்கள்: ப்ரீதர் குழாயில் புகை அதிகம் தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன, ஆயில் சூடான பிறகு பூம் மந்தமாக எழுந்தால் பம்ப்பைச் சந்தேகியுங்கள்.

படி 6: வருமான வரி

லாபத்துக்கு 30% வரி கட்டும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஓவர்ஹால் நடப்புப் பழுதுபார்ப்பாக ஏற்கப்பட்டால் 18.73 லட்சம் முழுவதும் அந்த வருடமே கழியும், வரியில் 5.62 லட்சம் மிச்சம். மூலதனச் செலவு என்று ஆனால் தேய்மானமாக மட்டுமே கழிக்கலாம். 15% விகிதத்தில், அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் பாதியே என்றால், முதல் வருட மிச்சம் சுமார் 42,000 ரூபாய்தான். மீதி வருடா வருடம் சிறிது சிறிதாக வரும்.

எது எந்தப் பக்கம்? சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் தந்த அளவுகோல், இருக்கும் சொத்தைக் காப்பாற்றிப் பராமரிக்கும் செலவா, புதிய சொத்தைக் கொண்டுவரும் செலவா என்பது. நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் தனி இயந்திரம் என்பதால் அதை மாற்றியது நடப்புப் பழுதுபார்ப்பு ஆகாது என்று தீர்ப்பானது. அதே இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்வது பழுதுபார்ப்புப் பக்கம் நிற்கும்; கூடுதல் திறனுள்ள புது இன்ஜின் வைப்பது மூலதனப் பக்கம் சாயும். பில்லில் ‘ரீகண்டிஷன்’ என்று வேலை விவரம் தெளிவாக இருக்கட்டும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் அவர் இதைச் சொத்தோடு சேர்த்துத் தேய்மானம் போட்டாலும், இந்த ஷீட்டில் தேய்மானத்தைச் செலவாக எழுதாதீர்கள். பணம் போகும் நாள்தான் இங்கே கணக்கு. தேய்மானம் வரியைக் குறைக்கும் அளவுக்கு மட்டும் உள்ளே வரும்.

பின்சேர்க்கை: பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

6,000 மணி நேரம் ஓடிய வண்டியைப் பலர் கேட்கிறார்கள். `C8`-ல் 6000, `D8`-ல் 8000 என்று தொடங்குங்கள். ஓவர்ஹால் ஃபார்முலாவைத் தொட வேண்டாம். முதல் ஓவர்ஹால் தானாக 2-ஆம் வருடத்துக்கு நகர்ந்து 15.73 லட்சமாகும், இன்றைய மதிப்பு 12.32 லட்சம். பேரம் பேசும்போது இந்தத் தொகை கையில் இருக்கட்டும். 8 வருடமும் ஓட்டினால் 7-ஆம் வருட முடிவில் மீட்டர் 20,000-ஐத் தொடும், அங்கே இரண்டாவது ஓவர்ஹாலும் விழும். ஹவர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: இன்ஜின் இசியூவில் பதிவான மணி நேரத்தை டயக்னாஸ்டிக் டூலில் எடுத்து ஒப்பிடுங்கள், ஸ்ப்ராக்கெட் பல் கூர்மையாகி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 6,000 என்று சொன்ன வண்டி உண்மையில் 9,000 ஓடியிருந்தால் ஓவர்ஹால் முதல் வருடத்திலேயே வரும்.