நீளமான குறுகல் ஹாலில் நடைபாதைக்கு முதலிடம்: சோஃபா போடும் முறை

நீளமான, அகலம் குறைந்த ஹாலில் எல்லோரும் முதலில் சோஃபாவுக்குத்தான் இடம் தேடுகிறார்கள். நான் அதை மாற்றிச் சொல்வேன்: முதலில் நடக்கும் வழியை முடிவு செய்யுங்கள். சாமான்கள் மிச்ச இடத்தில் உட்காரட்டும்.

என் ஹாலையே எடுத்துக்கொள்வோம். 10 அடி அகலம், 20 அடி நீளம். உள்ளே நுழைபவர் பார்வையில், குறுகிய சுவரின் வலது மூலையில் வாசல் கதவு. எதிர்ச் சுவரின் இடது மூலையில் உள் அறைக்குப் போகும் கதவு. இப்படிக் கதவுகள் எதிரெதிர் மூலைகளில் இருந்தால் கால் தானாகவே குறுக்காக, ஹாலின் நடுவை வெட்டிக்கொண்டு போகும். சோஃபாவைச் சுவரோரம் ஒட்டி வைத்தாலும், டிவி பார்ப்பவருக்கும் டிவிக்கும் நடுவே யாராவது போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

1. வழியைத் தரையில் ஒட்டுங்கள்

மாஸ்கிங் டேப் போதும். மொபைலில் அறை வரையும் ஆப்கள் எனக்குப் பிடிப்பதில்லை; அதில் எல்லாம் பொருந்துவதாகத்தான் தெரியும், முழங்கால் இடிப்பது தெரியாது.

வாசலிலிருந்து வலது சுவரை ஒட்டியே 3 அடி (36 அங்குலம்) அகலத்தில் 11 அடி தூரம் வரை டேப் ஒட்டுங்கள். அங்கே அதே 3 அடி அகலத்தில் இடது சுவர் வரை குறுக்கே திருப்புங்கள். பிறகு இடது சுவரை ஒட்டி உள் கதவு வரை. இப்போது வழியின் இரு பக்கமும் இரண்டு இடங்கள் கிடைக்கும்: முன்னால் இடது பக்கம் 7 அடிக்கு 11 அடி, பின்னால் வலது பக்கம் 7 அடிக்கு 6 அடி.

2. சோஃபாவைக் குறுக்கே போடுங்கள்

டிவி, வாசல் இருக்கும் குறுகிய சுவரிலேயே, கதவுக்கு இடப்பக்கம். அதைப் பார்த்தபடி சோஃபா, முதுகு ஹாலின் நடுப்பக்கம். குறுக்கு வழி அந்த முதுகுக்குப் பின்னால் போவதால் டிவியை யாரும் மறைக்க மாட்டார்கள். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் 16 அங்குலம் விட்டால் கால் நீட்டவும் முடியும், காபி டம்ளர் எட்டவும் எட்டும். முதுகு உயரம் குறைந்த சோஃபாவாகப் பாருங்கள். வாசலில் நிற்பவர் பார்வை அதைத் தாண்டிக் கடைசிச் சுவர் வரை போக வேண்டும்.

3. திருப்பம்

நான் அதிக நேரம் மல்லுக்கட்டியது இங்கேதான். டேப்பில் அளவு சரியாக இருந்தது, ஆனால் நடந்தால் இடுப்பு சோஃபாவின் மூலையில் உரசியது. காரணம் எளிது. திரும்பும்போது யாரும் செங்கோணத்தில் திரும்புவதில்லை, மூலையை வெட்டித்தான் போவோம். அதனால் நேர்வழிக்குப் போதுமான 3 அடி, திருப்பத்தில் போதாது.

என் சோஃபா 6 அடி, அதாவது 72 அங்குலம். அதற்கான இடம் 84 அங்குலம். மிச்சம் 12 அங்குலத்தை அழகுக்காக இருபக்கமும் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். சோஃபாவை இடது சுவரோடு ஒட்டிவிட்டால் மொத்த மிச்சமும் திருப்பத்துக்கு வரும். வழி அங்கே 48 அங்குலம் ஆகிவிடும்.

சோதிக்க, சோஃபா வரும் இடத்தில் அதே உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். இரண்டு கையாலும் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமல் நடந்து பாருங்கள். உடம்பைப் பக்கவாட்டில் ஒருக்களித்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம்.

4. பின்பாதி

வலது சுவரோடு சிறிய சாப்பாட்டு மேஜை. மேஜை அகலம் 30 அங்குலம், நாற்காலியை இழுத்து எழ இன்னொரு 30. இரண்டும் சேர்த்து 60, நம்மிடம் 84 இருக்கிறது. ஆக நாற்காலி வழிக்குள் வராது. உயரமான அலமாரி இருந்தால் அதுவும் இந்தப் பக்கமே, கடைசிச் சுவரில்.

பின்சேர்க்கை

கார்பெட் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். அதன் ஓரம் நடைவழிக்குள் நீளக் கூடாது, கால் தடுக்கும். வழியின் விளிம்புக்கு முன்பே முடிகிற அளவாக வாங்குங்கள்.

7 அடி சோஃபா ஏற்கெனவே இருக்கிறது என்றார் ஒருவர். அது இடத்தை முழுக்க அடைத்து, திருப்பத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. அந்த அளவுக்கு, குறுக்கே போடுவதை விட்டுவிட்டு இடது நீளச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டிவியை எதிர்ச் சுவரிலேயே மாட்டிவிடுங்கள், கீழே ஸ்டாண்டு வேண்டாம். டிவிக்கு முன்னால் ஆள் நடப்பதைத் தவிர்க்க முடியாது, ஆனால் வழி தாராளமாகக் கிடைக்கும். 8 அடிக்கும் குறைவான அகலம் என்றால் எந்த சோஃபாவுக்கும் இதே ஏற்பாடுதான்.