வாய்ஸ் ஓவர் ஸ்கிரிப்ட்: மொத்த நேரம் பொருந்தினால் மட்டும் போதாது

புதிதாக வாய்ஸ் ஓவர் எழுத வருபவர்களின் ஸ்கிரிப்டைப் படிக்கும்போது, அடுத்து எந்த இடத்தில் சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நானும் அந்த வழியாக வந்தவன்தான். எழுத்துப்பிழை, நீளமான வாக்கியம் போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாகச் சரியாகிவிடும். காசையும் நேரத்தையும் தின்னும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒன்று இன்றைக்கும் எரிச்சலூட்டுவது.

மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பது

"வீடியோ 45 நொடி சார், ஸ்கிரிப்டும் சரியாக 45 நொடிதான், படித்துப் பார்த்துவிட்டேன்" என்பார்கள். உண்மையாகவே படித்துப் பார்த்திருப்பார்கள். ஆனாலும் டைம்லைனில் வைத்தால் குரல் ஒரு பக்கம் போகும், படம் ஒரு பக்கம் போகும்.

சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதைக் காட்டும் வீடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிளிப்கள். சக்கரத்தைக் கழற்றுவது 6 நொடி. டயரை நெம்பி ட்யூபை எடுப்பது 9. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது 5. உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவுவது 10. ஒட்டை வைத்து அழுத்துவது 6. திரும்ப மாட்டிக் காற்றடிப்பது 9. கூட்டினால் 45.

எழுதியவர் தொடக்கத்தில் உற்சாகமாக இருப்பார், போகப்போக அவசரப்படுவார். அவருடைய வரிகள் முறையே 10, 12, 6, 7, 4, 6 நொடி பிடிக்கின்றன. அதுவும் 45தான். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குமிழி வரும் கிளிப் 15-வது நொடியில் தொடங்கி 20-ல் முடிந்துவிடுகிறது. குமிழியைப் பற்றிய வரியோ 22-வது நொடியில்தான் ஆரம்பிக்கிறது. "குமிழி வருகிறதா பாருங்கள்" என்று குரல் சொல்லும்போது திரையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருக்கும். பசை பற்றிப் பேச்சு வரும்போது அந்தக் கிளிப்பில் 2 நொடிதான் மிச்சம். கடைசியில் மட்டும் குரலும் படமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறார்கள்.

இது பெரும்பாலும் குரல் பதிவான பிறகே தெரியவருகிறது என்பதுதான் கொடுமை. அப்புறம் ஒட்டுப்போடும் வேலை. முதல் கிளிப்பை 6 நொடியிலிருந்து 10 நொடிக்கு இழுப்பார்கள். அதாவது 60 சதவீத வேகம். ஸ்பானர் பிடித்த கை தண்ணீருக்கடியில் அசைவதுபோல் இருக்கும். இல்லாவிட்டால் குரலை வேகப்படுத்துவார்கள். ஒருமுறை அப்படி ஒரு வேலை என்னிடம் வந்தது. முதல் பாதியில் பேசுபவருக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம், பின்பாதியில் அதே ஆள் சாவகாசமாகப் பேசுகிறார். மறுபடி பதிவு செய்யலாம் என்றால் குரல் கொடுத்தவருக்கு இன்னொரு நாள் கூலி. அதோடு மைக்கிலிருந்து அவர் உட்காரும் தூரம் கொஞ்சம் மாறினாலும் குரல் பழையதோடு ஒட்டாது.

சரி, எப்படி எழுதுவது? முதலில் ஒவ்வொரு கிளிப்புக்கும் எத்தனை சொல் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் கணக்கு தமிழுக்கு உதவாது. நம் சொற்கள் நீளம். 'பல்சக்கரத்திலிருந்து' என்பது பக்கத்தில் ஒரு சொல்தான், வாயில் ஒரு நொடிக்கு மேல் பிடிக்கும். குரல் கொடுக்கப்போகிறவரையே ஒரு பத்தியை இயல்பாகப் படிக்கச் சொல்லி, சொற்களை எண்ணி நொடியால் வகுத்துக்கொள்ளுங்கள். நான் நொடிக்கு ஒன்றரைச் சொல் என்று வைத்துக்கொள்கிறேன். கிளிப்பின் தலையிலும் வாலிலும் அரை நொடி மூச்சுவிட இடம் வேண்டும். ஆக, 6 நொடிக் கிளிப்பில் பேச 5 நொடிதான் இருக்கிறது, ஏழெட்டுச் சொற்கள்.

முதல் கிளிப்புக்கு அவர் எழுதிய வரி இது: "முதலில் பின்சக்கரத்தைத் தாங்கியிருக்கும் இரண்டு நட்டுகளையும் ஸ்பானரால் தளர்த்தி, செயினைப் பல்சக்கரத்திலிருந்து விலக்கி, சக்கரத்தை மெதுவாக வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும்." பதினைந்து சொற்கள். இதில் ஸ்பானர் படத்தில் தெரிகிறது. இரண்டு நட்டு என்பதும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிட்டால், "நட்டைத் தளர்த்தி, செயினை விலக்கினால் சக்கரம் கையோடு வந்துவிடும்." ஏழு சொற்கள், 5 நொடிக்குள் முடிந்துவிடும்.

நான்காவது கிளிப்பில் கதை தலைகீழ். 10 நொடி இருக்கிறது, அவரிடம் 7 நொடிக்குத்தான் பேச்சு. வெறுமனே நீட்டாமல், படத்தால் காட்ட முடியாததை அங்கே சொல்லலாம்: பசை தடவியதும் ஒட்டக்கூடாது, ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு பிடிக்காது. பார்க்கிறவருக்குத் தேவையான தகவல் அதுதான். முதல் வரியில் ஸ்பானரை வர்ணித்துக்கொண்டிருந்ததில் இது விட்டுப்போயிருந்தது.

ஸ்கிரிப்டையும் பத்தியாக எழுதாதீர்கள். இடப்பக்கம் கிளிப், நடுவில் அதன் தொடக்க நேரமும் நீளமும், வலப்பக்கம் வரி. எழுதி முடித்ததும் போனில் நீங்களே பேசிப் பதிவு செய்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வெட்டி, அதனதன் கிளிப் தொடங்கும் இடத்தில் டைம்லைனில் வையுங்கள். எந்த வரி அடுத்த கிளிப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது கண்ணிலேயே தெரியும். நிஜக் குரல் பதிவுக்குப் போவது அதற்கப்புறம்தான்.

மனதுக்குள் படித்து நேரம் பார்ப்பது

கூடாது. வாய்விட்டுப் படியுங்கள்.

எண்களை இலக்கத்தில் எழுதிவிட்டு எண்ணுவது

'1,47,350' என்று எழுதினால் சொல் எண்ணிக்கையில் அது ஒன்று. வாயில் "ஒரு லட்சத்து நாற்பத்தி ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது". ஆறு சொற்கள், ஏறக்குறைய 4 நொடி. 5 நொடிக் கிளிப்பில் இப்படி ஓர் எண் வந்தால் வேறு எதற்கும் இடமில்லை. ஸ்கிரிப்டில் எண்களையும் கி.மீ., சதவீதக் குறி போன்றவற்றையும் வாயால் சொல்வதுபோலவே எழுதுங்கள். துல்லியமான எண் அவசியம் என்றால் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டு, குரலில் "ஏறக்குறைய ஒன்றரை லட்சம்" என்று சொன்னால் போதும்.

முக்கியமான சொல்லை வரியின் கடைசியில் வைப்பது

"ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்" என்பது நல்ல தமிழ்தான். ஆனால் குமிழி என்ற சொல் வந்து சேர்வதற்குள் 5 நொடிக் கிளிப் முடிந்துவிடும். "குமிழி வரும் இடம்தான் ஓட்டை" என்று திருப்பிப் போடுங்கள். நான்கு சொல், 3 நொடிகூட ஆகாது. மிச்ச நேரத்தில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்கட்டும்.

மூலக் கோப்பின் நீளத்தை நம்புவது

கேமராவில் 14 நொடி இருக்கும், எடிட்டர் 5 நொடிதான் வைத்திருப்பார். டைம்லைனில் இருக்கும் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். படவெட்டு முடியவில்லை என்றால், முடியும்வரை வரிகளை இறுதி செய்யாதீர்கள்.